கணைய அழற்சி என்று கண்டுபிடித்தார்கள், காரணத்தைக் கண்டுபிடித்தார்களா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 42. மூன்று வாரம் முன்பு மாதுங்காவில் ஒரு கல்யாண ரிசெப்ஷனில் சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரி, மேல் வயிற்றில் வலி என்றார். முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகிறது என்றார். படுக்கவே முடியவில்லை, வாந்தி நிற்கவில்லை. பக்கத்து டாக்டர் கேஸ் என்று ஊசி போட்டார், கேட்கவில்லை. விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈசிஜி, ரத்தம், சோனோகிராபி பார்த்தார்கள். லைபேஸ் 2140, கணைய அழற்சி என்று சொல்லிவிட்டார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்கவே இல்லை. ஆறு நாள் கழித்து அனுப்பும்போதும் லைபேஸ் 190 இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் குடியால் வந்தது என்று எழுதிவிட்டார்கள். அவர் மாதத்துக்கு இரண்டு பாட்டில் பீர் குடிப்பார், அவ்வளவுதான். அத்தை தினமும் இதைச் சொல்லி அழுகிறார். சி.டி. இல்லாமல் எப்படி முடிவு செய்தார்கள்? 190 இருக்கும்போது அனுப்பியது சரியா? மறுபடி வருமா? ரிப்போர்ட் எல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய தாள்கள் எல்லாவற்றையும் படித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். கணைய அழற்சி என்று அவர்கள் சொன்னது சரி, சி.டி. எடுக்காமல் விட்டதும் சரி, 190-ல் வீட்டுக்கு அனுப்பியதும் சரி. குடியால் வந்தது என்று எழுதியதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் எடுத்த ரிப்போர்ட்டிலேயே வேறு ஒரு காரணத்துக்கான தடயம் இருக்கிறது, அதை யாரும் பின்தொடரவில்லை. மறுபடி வருமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலும் அந்தத் தடயத்தில்தான் இருக்கிறது.

முதலில் வலியைப் பார்ப்போம். கணையம் வயிற்றுக்குள் முன்பக்கமாக இருக்கும் உறுப்பு இல்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கிறது, சுமார் 15 செ.மீ. நீளம். அதனால்தான் அது வீங்கினால் வலி நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து நேராக முதுகுக்குப் போகிறது. மல்லாந்து படுத்தால் வலி கூடும், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும். அட்மிஷன் குறிப்பில் அவர் கட்டில் ஓரத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே இருந்தார் என்று நர்ஸ் எழுதி வைத்திருக்கிறார், நல்ல கவனிப்பு. அப்புறம் இந்த வலி விட்டுவிட்டு வருவதில்லை. அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே மணிக்கணக்கில், சிலருக்கு நாள் கணக்கில் நிற்கும். வாந்தி எடுத்தாலும் குறையாது. கேஸ், அசிடிட்டி என்றால் வாந்தி எடுத்த பிறகு பெரும்பாலும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். இங்கே எத்தனை தடவை எடுத்தாலும் வலி அப்படியே இருக்கும்.

ஆனால் வலியை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் இதே இடத்தில் வலியைக் கொடுத்து ஆளைக் கொன்றுவிடக்கூடிய வேறு நோய்களும் இருக்கின்றன. 42 வயது ஆண், மேல் வயிற்று வலி, வாந்தி, வியர்வை என்று வந்தால் எங்கள் மனதில் முதலில் வருவது இதயம். இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காமல் வயிறு மட்டும் வலிக்கலாம், கூடவே வாந்தியும் வரும். அதனால்தான் உள்ளே நுழைந்ததும் ஈசிஜி எடுத்தார்கள். இதயத் தசை காயம்பட்டால் ஏறும் ட்ரோபோனினையும் ரத்தத்தில் பார்த்திருக்கிறார்கள், இரண்டும் சரியாக இருக்கின்றன. அடுத்தது இரைப்பைப் புண் ஓட்டையாகிப் போவது. வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு இது வரும். அப்போது ஆள் அசையவே மாட்டார், வயிறு பலகை மாதிரி இறுகிவிடும், நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியும். அவர் எக்ஸ்ரேயில் அப்படி எதுவும் இல்லை. மகாதமனி கிழிவது மூன்றாவது. அது படிப்படியாக ஏறாமல் அந்த நொடியே உச்சத்தில் அடிக்கும், முதுகையே கிழிப்பது போல இருக்கும், பெரும்பாலும் ரத்த அழுத்தம் ரொம்ப நாளாக அதிகமாக இருப்பவர்களுக்கு வரும். உங்கள் கணவருக்கு இந்த மூன்றில் எதற்கும் ஆதாரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் கணையத்துக்கு வந்திருக்கிறார்கள். வரிசை சரி.

பக்கத்து டாக்டர் கேஸ் என்று ஊசி போட்டதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கல்யாணச் சாப்பாடு முடிந்து வயிற்று வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது கேஸாகவே இருக்கும், அதனால் முதல் ஊசி தப்பில்லை. ஊசி போட்டும் ஒரு மணி நேரத்தில் வலி அசையவில்லை என்றால், அதற்குப் பிறகு இரண்டாவது ஊசி போட்டு வீட்டிலேயே காத்திருப்பதுதான் ஆபத்து. நீங்கள் காத்திருக்கவில்லை.

இப்போது சி.டி. விஷயம். கணைய அழற்சி என்று சொல்ல மூன்று சாட்சிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன மாதிரியான வலி. இரண்டு, ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் சாதாரண உச்ச அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருப்பது. மூன்று, ஸ்கேனில் கணையம் வீங்கியிருப்பது தெரிவது. மூன்றில் இரண்டு இருந்தால் போதும். 2012-ல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறை என்று ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறோம். உங்கள் லேபில் லைபேஸின் உச்ச அளவு 60 என்று போட்டிருக்கிறார்கள். மூன்று மடங்கு என்றால் 180. அவருக்கு வந்தது 2140. வலியும் அச்சு அசலான வலி. இரண்டு சாட்சி ஆயிற்று, முடிந்தது. இதற்கு மேல் அன்றைக்கே சி.டி. எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கணையம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று தெரிந்திருக்கலாம், ஒன்றும் தெரியாமலும் இருந்திருக்கலாம். கணையத்தின் ஏதாவது ஒரு பகுதி செத்துப் போயிருக்கிறதா என்பதுதான் சி.டி. சொல்லக்கூடிய முக்கியமான விஷயம், அது முதல் மூன்று நாளுக்குள் சரியாகத் தெரியாது. முதல் நாளே எடுத்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகி, நான்காம் நாள் நிலைமை மோசமாகி மறுபடி எடுக்கும் குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன். வலி, ரத்தம் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோதும், இரண்டு மூன்று நாளாகியும் ஆள் தேறாதபோதும் சி.டி. கட்டாயம் தேவை. உங்கள் கணவருக்கு இரண்டுமே இல்லை.

லைபேஸ் எண்ணைப் பற்றி உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பயம் இருக்கிறது. 2140 என்றால் ரொம்பப் பெரிய ஆபத்து என்று நினைத்துவிடுகிறார்கள். கணையத்தின் செல்கள் காயம்பட்டால் அவற்றுக்குள் இருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன, அதைத்தான் அளக்கிறோம். கசிந்தது என்பதற்கு அது ஆதாரம், எவ்வளவு சேதம் என்பதற்கு அளவுகோல் இல்லை. லைபேஸ் 400 இருந்தவர் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பார், 3000 இருந்தவர் நான்காம் நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அப்புறம், லைபேஸ் மெதுவாகத்தான் இறங்கும். அமைலேஸ் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் இறங்கிவிடும், லைபேஸ் ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஏறியே இருக்கும். வலி தொடங்கி நாலு நாள் கழித்து வருகிறவருக்கு அமைலேஸ் மட்டும் பார்த்தால் சாதாரணமாக வந்து ஏமாற்றிவிடும், லைபேஸ் பார்த்தால் பிடிபடும், அது ஒரு வசதி. ஆனால் வலி போய், சாப்பாடு இறங்கி, நடமாடுகிற ஒருவருக்கு ஆறாம் நாள் 190 இருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அதை மறுபடி அளக்கவே தேவையில்லை. உங்களுக்கு லேபில் மாதாமாதம் பாருங்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

எவ்வளவு தீவிரம் என்பதை வேறு இடத்தில் பார்ப்போம். நாடி, மூச்சு, ஆக்சிஜன், சிறுநீர் எவ்வளவு போகிறது, ரத்த யூரியா ஏறுகிறதா இறங்குகிறதா, ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று. கணையம் வீங்கும்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்துவிடுகிறது, உள்ளே ரத்தம் கெட்டியாகிறது, அதனால்தான் முதல் நாளில் சலைன் ஏற்றுவதுதான் முக்கியமான சிகிச்சை. அவருக்கு ரிங்கர் லாக்டேட் ஏற்றியிருக்கிறார்கள். யூரியா முதல் நாள் 38, மூன்றாம் நாள் 24. ரத்தத்தின் கெட்டித்தன்மை 46-லிருந்து 40-க்கு இறங்கியிருக்கிறது. ஆக்சிஜன் ஒரு தடவைகூடக் குறையவில்லை. நுரையீரலோ சிறுநீரகமோ ரத்த அழுத்தமோ கெட்டு 48 மணி நேரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால்தான் தீவிரமான வகை என்கிறோம். அவருக்கு வந்தது லேசான வகை. லேசானது என்று சொல்வதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும், அந்த ராத்திரி அவர் பட்ட பாடு அப்படி. வலியின் அளவு வேறு, நோயின் தீவிரம் வேறு.

சரி, இனி காரணம். இதைத்தான் நான் விரிவாகப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

கணைய அழற்சிக்கு உலகம் முழுக்க இரண்டு பெரிய காரணங்கள், பித்தப்பைக் கல்லும் குடியும். ஆண் நோயாளி, நாற்பது வயது, குடிப்பதுண்டா என்று கேட்டதற்கு எப்போதாவது பீர் என்று பதில் வந்தது, சோனோகிராபியில் கல் என்று எழுதவில்லை. இவ்வளவு இருந்தால் குடி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் குடியால் கணையம் கெட்டுப்போக ஒரு அளவு இருக்கிறது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் சுத்தமான ஆல்கஹால், ஐந்து வருஷத்துக்கு மேல். பீர் என்றால் 650 மில்லி பெரிய பாட்டில், 5 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாட்டிலில் ஏறக்குறைய 25 கிராம். அதாவது தினமும் இரண்டு பாட்டில், வருஷக்கணக்கில் குடித்திருக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு பாட்டில் என்பது இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் உங்களிடம் மறைத்து அதிகம் குடிக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ரத்தம் கொஞ்சம் சொல்லும். வருஷக்கணக்காகக் குடிப்பவர்களின் சிவப்பணுக்கள் பெரிதாகியிருக்கும், ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி ஏறியிருக்கும், கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. பொதுவாக எஸ்.ஜி.பி.டி.யைவிட இரண்டு மடங்கு இருக்கும். அவருக்குச் சிவப்பணு அளவு சாதாரணம், எஸ்.ஜி.ஓ.டி. 241, எஸ்.ஜி.பி.டி. 286. தலைகீழ். ஜி.ஜி.டி. மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் பித்தநாளம் அடைத்தாலும் அது ஏறும், அதனால் அதை வைத்து ஒரு பக்கம் சாய முடியாது.

நான் சொன்ன தடயம் இந்த 286 தான். வலி தொடங்கி இரண்டு நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. 150-க்கு மேல் இருந்தால், அந்தக் கணைய அழற்சிக்குக் காரணம் பித்தக்கல் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது ஒரு பக்கமாக மட்டும் பேசும் பரிசோதனை, அதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஜி.பி.டி. சாதாரணமாக இருந்தால் கல் இல்லை என்று சொல்லவே முடியாது, கல்லால் வந்தவர்களிலேயே நிறைய பேருக்கு அது ஏறாமல் இருக்கும். ஏறியிருந்தால் மட்டும் நம்பலாம். அவருக்கு ஏறியிருக்கிறது, பிலிருபினும் 1.9. நான்காம் நாள் எஸ்.ஜி.பி.டி. 84, பிலிருபின் 0.9. இப்படி திடீரென்று ஏறி, நாலே நாளில் இறங்குவது ஏன் என்று யோசித்தால் முழுக்கதையும் புரியும்.

பித்தப்பையிலிருந்து வரும் பித்தநாளமும், கணையத்திலிருந்து வரும் நாளமும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, முன்சிறுகுடலில் ஒரு சின்னத் துவாரம் வழியாகத் திறக்கின்றன. இரண்டு கட்டடத்திலிருந்து வருகிறவர்கள் ஒரே கேட் வழியாக வெளியே போவதைப் போல. பித்தப்பையில் சின்னக் கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு நிறைந்த சாப்பாடு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளுகிறது, கூடவே கல்லும் கிளம்பி வந்து அந்தத் துவாரத்தில் சிக்கிக்கொள்கிறது. பித்தம் போக வழியில்லை, கல்லீரல் பரிசோதனை ஏறுகிறது. கணைய நீர் போக வழியில்லை, குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அந்த உறுப்பையே அரிக்க ஆரம்பிக்கின்றன. சில மணி நேரத்தில் கல் தானாக நழுவிக் குடலில் விழுந்து மலத்தோடு போய்விடுகிறது. அடைப்பு விட்டதும் கல்லீரல் எண்கள் சட்டென்று இறங்குகின்றன. கணையத்தின் காயம் மட்டும் பின்தங்கி ஆற நாளாகிறது. உங்கள் கணவரின் எண்கள் இந்த வரிசையில்தான் நடந்திருக்கின்றன. பெரிய கல்லைவிட 5 மில்லிமீட்டருக்குக் குறைவான சின்னக் கல்தான் இந்த வேலையை அதிகம் செய்யும், பெரிய கல் பித்தப்பையை விட்டு அவ்வளவு சுலபமாக வெளியே வராது. சின்னக் கல்தானே, விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் சோனோகிராபியில் ஏன் கல் தெரியவில்லை? அந்த ரிப்போர்ட்டை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். குடலில் வாயு அதிகம் இருப்பதால் கணையமும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியும் தெரியவில்லை, பித்தப்பை சரியாக விரியவில்லை, தேவைப்பட்டால் திரும்ப எடுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறார் ரேடியாலஜிஸ்ட். கல் இல்லை என்று அவர் எழுதவே இல்லை. பார்க்க முடியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார். கணையம் வீங்கியிருக்கும்போது பக்கத்துக் குடல் அசையாமல் நின்று வாயுவால் ஊதிவிடும், சோனோகிராபியின் ஒலி அலை வாயுவைத் தாண்டாது. போதாததற்கு விடியற்காலையில், மல்லாந்து படுக்க முடியாத, மூச்சைப் பிடித்து நிறுத்த முடியாத ஒருவருக்கு எடுத்த ஸ்கேன் அது. அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியை டிஸ்சார்ஜுக்கு முன்னால் யாராவது செயல்படுத்தியிருக்க வேண்டும். இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரைகிளிசரைடு 1000-க்கு மேல் போனால் கணையம் வீங்கும், அவருக்கு இரண்டாம் நாள் 212, இது காரணம் இல்லை. ஆனால் பட்டினியும் சலைனும் ட்ரைகிளிசரைடை வேகமாக இறக்கிவிடும், அதனால் இதை முதல் ஓரிரு நாளுக்குள் பார்க்காவிட்டால் பிரயோஜனம் இல்லை. கால்சியம் 9.1, சரியாக இருக்கிறது. கணையத்தைத் தொந்தரவு செய்யும் மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரமே ஒரு சோனோகிராபி எடுங்கள், ராத்திரி லேசாகச் சாப்பிட்டுவிட்டு காலையில் வெறும் வயிற்றோடு, குறைந்தது ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு போக வேண்டும். டீகூட வேண்டாம், பால் விட்ட டீ குடித்தால் பித்தப்பை சுருங்கிவிடும். கணைய அழற்சி வந்து போனது, பித்தப்பையில் கல்லோ ஸ்லட்ஜோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே வயிறு ஸ்கேன் என்று இருந்தால் மேலோட்டமாகப் போய்விடும். ஸ்லட்ஜ் என்றால் கல்லாக இறுகாத பித்தக் கசடு, அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கல்லோ கசடோ தெரிந்தால் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், லேப்ராஸ்கோபி முறையில், தள்ளிப் போடாமல். நோய் வந்தது கணையத்துக்கு, எடுப்பது பித்தப்பையையா என்று வீட்டில் கேட்பார்கள். கல் உற்பத்தியாகிற இடம் பித்தப்பை, அது இருக்கும் வரை அடுத்த கல் எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேசான வகையாக இருந்தால் அதே அட்மிஷனிலேயே எடுத்துவிடுவதுதான் நல்லது. நெதர்லாந்தில் செய்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், உடனே எடுத்தவர்களையும் ஒரு மாதம் கழித்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பித்தக்கல் சிக்கலால் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்ததோ உயிர் போனதோ தள்ளிப் போட்டவர்களில் 17 சதவீதம், உடனே செய்துகொண்டவர்களில் 5 சதவீதம். உங்கள் கணவருக்கு ஏற்கனவே மூன்று வாரம் ஆகிவிட்டது, அதனால் கல் தெரிந்த உடனே அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால் சயான், கே.இ.எம். மாதிரி மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் இந்த அறுவை செய்கிறார்கள்.

சோனோகிராபியில் ஒன்றும் தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டாம். அடுத்த படி எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு. குழாயின் நுனியில் ஸ்கேன் கருவி இருக்கும், இரைப்பைக்குள்ளிருந்தே பார்ப்பதால் வயிற்றுச் சுவரும் வாயுவும் அவ்வளவாகக் குறுக்கே வராது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கல்கூடத் தெரியும். எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் நல்லதுதான், நாளங்களை நன்றாகக் காட்டும், ஆனால் ரொம்பச் சின்னக் கல் அதில் தப்பிவிடலாம். நாற்பது தாண்டியவருக்குக் காரணமே தெரியாமல் கணைய அழற்சி வந்தால் கணையத்தில் சின்னக் கட்டி ஏதாவது நாளத்தை அடைக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும், அதையும் இதே பரிசோதனை பார்த்துவிடும். பயமுறுத்தச் சொல்லவில்லை, அவருடைய 286 வேறு பக்கம்தான் கை காட்டுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஈ.ஆர்.சி.பி. என்று ஒன்று இருக்கிறது, பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் அது நாளத்துக்குள் சிக்கிய கல்லை எடுக்கும் சிகிச்சை. வெறுமனே பார்ப்பதற்காக அதைச் செய்யக் கூடாது, அதனாலேயே சிலருக்குக் கணைய அழற்சி வரும். பித்தநாளத்தில் கல் நிற்கிறது என்று தெரிந்தாலோ, காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தாலோ அப்போது அது தேவை.

அதுவரைக்கும் எண்ணெயும் நெய்யும் குறைத்து, ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். கஞ்சி மட்டும்தான் என்று பட்டினி போட வேண்டாம். பீர் முழுக்க நிறுத்தட்டும், அதுதான் காரணம் என்பதற்காக இல்லை, காயம்பட்ட கணையத்துக்கு மேலும் ஒரு சுமை வேண்டாம் என்பதற்காக.

அத்தையிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, டாக்டர் இன்னும் காரணம் தேடுகிறார், குடி என்று முடிவாகவில்லை என்று சொல்லுங்கள். இப்போதைக்கு அதுதான் உண்மை. புது ஸ்கேனில் கல் தெரிந்தால் அந்த ரிப்போர்ட்டோடு பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், டிஸ்சார்ஜ் சீட்டில் காரணத்தைத் திருத்தி எழுதித் தரும்படி கேளுங்கள். இதில் வீட்டு மரியாதை மட்டும் இல்லை, பணமும் இருக்கிறது. நம் நாட்டு மெடிக்ளெய்ம் பாலிசிகளில் குடிப்பழக்கத்தால் வந்த நோய்க்குப் பணம் தர மாட்டோம் என்ற விதிவிலக்கு வழக்கமாக இருக்கும், அந்த ஒரு வரியைக் காட்டி முதல் பில்லையும், அடுத்து வரும் பித்தப்பை அறுவையின் பில்லையும் மறுக்க இடம் இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், ஸ்கேன் வந்த பிறகு கேளுங்கள்.

இடையில் அதே வலி திரும்ப வந்தால், கண் மஞ்சளானால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் எந்த நேரமாக இருந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், பக்கத்து கிளினிக்கில் நிறுத்த வேண்டாம். இன்னும் ஓரிரு வாரத்தில் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுகிறது, எடை குறைகிறது, மேல் வயிறு கனமாக இருக்கிறது என்று சொன்னால் அது வேறு விஷயம், கணையத்தைச் சுற்றி நீர் தேங்கியிருக்கலாம், அப்போது சி.டி. எடுக்க வேண்டும். முதல் நாள் ரத்த ரிப்போர்ட்டையும் அந்தச் சோனோகிராபி தாளையும் தனியாக ஒரு உறையில் போட்டு வைத்துக்கொண்டு, எந்த டாக்டரிடம் போனாலும் அந்த இரண்டையும் முதலில் மேஜையில் வையுங்கள்.